மூணு பெட்டி, ஒரு போட்டோ: எது மோடம், எது ரவுட்டர், எது ஸ்விட்ச்?

“அண்ணா, ரூம்ல நெட் வரலை” என்று வாட்ஸ்ஆப்பில் மெசேஜ் போட்டால், பெரும்பாலும் வரும் முதல் பதில் இதுதான்: “ரவுட்டரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பார்க்கிறேன்.”

போட்டோ போகிறது. அதில் மூன்று பெட்டிகள். ஒன்றுக்கு இரண்டு ஆன்டெனா, இன்னொன்றுக்கு நான்கு, மூன்றாவதற்கு ஒன்றுமே இல்லை. “இதுல ரவுட்டர் எது?” என்று எதிர்முனையில் இருப்பவர் கேட்கிறார். “எல்லாமே ரவுட்டர்தானே?” என்று நாம் கேட்கிறோம்.

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை, வேலைக்காக வந்து நான்கைந்து பேராகச் சேர்ந்து வாடகை வீட்டில் தங்கியிருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் அதிகம். இணைய இணைப்பு வீட்டு ஓனர் பெயரில் இருக்கும். ஒரு பெட்டியை முன்பு குடியிருந்தவர் விட்டுப்போயிருப்பார். இன்னொன்றை ரூம்மேட் யாராவது ஊரில் இருந்து கொண்டுவந்து மாட்டியிருப்பார். எந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

தெரியாமல் கை வைத்தால் நஷ்டம் உண்டு. தேவையில்லாத பெட்டிக்குக் காசு போகும். ரீசெட் பட்டனைத் தவறான பெட்டியில் அழுத்தினால், டெக்னீஷியன் வரும்வரை மொத்த வீட்டுக்கும் நெட் இருக்காது. அடாப்டரை மாற்றிச் செருகினால் ஒரு பெட்டியே போய்விடலாம். இதையெல்லாம் தவிர்க்க நெட்வொர்க் படிப்பு தேவையில்லை. பெட்டியின் பின்பக்கத்தையும் அடிப்பக்க லேபிளையும் வாசிக்கத் தெரிந்தால் போதும்.

பெட்டி மூணு, வேலையும் மூணு

முதல் வேலை, வெளியில் இருந்து வரும் லைனை வீட்டுக்குள் பயன்படுத்தும்படி மாற்றுவது. ஃபைபரில் ஒளியாக வருவதை, சாதாரண நெட்வொர்க் கேபிளில் போகும் மின் சிக்னலாக மாற்ற வேண்டும். இதைச் செய்யும் பெட்டியைத்தான் நாம் மோடம் என்கிறோம். ஃபைபர் இணைப்பில் அதன் சரியான பெயர் ஓஎன்டி. ஆனால் டெக்னீஷியனே அதை மோடம் என்றுதான் சொல்வார் என்பதால், இந்தக் கட்டுரையிலும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது வேலை, வந்த ஓர் இணைப்பை வீட்டில் உள்ள எல்லா போன், லேப்டாப், டிவிக்கும் பங்கிடுவது. ஒவ்வொரு கருவிக்கும் வீட்டுக்குள் செல்லுபடியாகும் ஓர் ஐபி முகவரியைக் கொடுத்து, யார் கேட்ட தகவல் யாருக்குப் போக வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இது ரவுட்டரின் வேலை. வைஃபை என்பது அதனுடன் சேர்த்துக் கொடுக்கப்படும் வசதி.

மூன்றாவது வேலை, கேபிள் செருகும் இடங்களைக் கூட்டுவது. ஒரு பிளக் பாயின்ட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி நான்கு சார்ஜர் போடுகிறோமே, நெட்வொர்க்கில் அந்த இடம் ஸ்விட்சுக்கு. வீட்டில் பயன்படும் சாதாரண ஸ்விட்ச் யாருக்கும் ஐபி முகவரி கொடுக்காது, வைஃபையும் தராது. ஏற்கெனவே வேலை செய்யும் நெட்வொர்க்கை இன்னும் நான்கு கேபிளுக்கு நீட்டும், அவ்வளவுதான்.

குழப்பம் தொடங்குவது எங்கே என்றால், ஒரே பெட்டி இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்யும்போது. ஃபைபர் நிறுவனங்கள் இப்போது கொடுக்கும் பெரும்பாலான பெட்டிகளுக்குள் மோடம், ரவுட்டர், வைஃபை, நான்கு போர்ட் ஸ்விட்ச் எல்லாமே அடங்கியிருக்கும். அதனால் போட்டோவைப் பார்க்கும்போது “இதன் பெயர் என்ன?” என்று கேட்பதைவிட, “இது எந்தெந்த வேலைகளைச் செய்கிறது?” என்று கேட்பது பலன் தரும். விடை இருப்பது பின்பக்கத் துளைகளில்.

ஆன்டெனாவை விடுங்க, போர்ட்டைப் பாருங்க

பெட்டியின் நிறம், ஆன்டெனா எண்ணிக்கை, வடிவம் எதையும் நம்ப வேண்டாம். ஆன்டெனா வெளியே தெரியாத ரவுட்டர்கள் உண்டு, நான்கு ஆன்டெனா வைத்த மோடங்களும் உண்டு. பின்பக்கத்தில், மற்றவற்றில் இருந்து மாறுபட்ட ஒரு போர்ட் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஃபைபர் மோடத்தைப் பிடிப்பது எளிது. சாதாரண கேபிளைவிட மெல்லிய ஒரு வயர், பெரும்பாலும் பச்சை நிறச் சதுர முனையுடன், பெட்டியின் பின்னாலோ அடியிலோ செருகியிருக்கும். அந்த இடத்தில் `PON`, `OPTICAL`, `FIBER` என்று ஏதாவது ஒன்று அச்சாகியிருக்கும். பழைய தொலைபேசி லைன் வழி பிராட்பேண்ட் என்றால், நெட்வொர்க் போர்ட்டைவிடக் குறுகலான துளையும் அதன்மேல் `DSL` அல்லது `LINE` என்ற எழுத்தும் இருக்கும். கேபிள் டிவி லைனில் வரும் இணைப்பானால், திருகி மாட்டும் வட்ட முனை இருக்கும். இந்த மூன்றில் எது இருந்தாலும், வெளி லைன் நேராக வந்து சேரும் பெட்டி அதுதான்.

முன்பக்க விளக்குகளும் கைகொடுக்கும். ஃபைபர் மோடத்தில் `PON`, `LOS` என்று இரண்டு விளக்குகள் இருக்கும். `LOS` சிவப்பில் எரிந்தாலோ மின்னினாலோ, ஒளி சிக்னல் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று பொருள். வயர் எங்கோ மடங்கியிருக்கலாம், அறுந்திருக்கலாம். இந்த நிலையில் எவ்வளவு விலை கொடுத்துப் புது ரவுட்டர் வாங்கி வைத்தாலும் நெட் வராது.

ரவுட்டரில் எல்லாப் போர்ட்டும் எட்டு கம்பி உள்ள சாதாரண நெட்வொர்க் போர்ட்டாகவே இருக்கும். ஆனால் அதில் ஒன்று மட்டும் தனியாக நிற்கும். சற்று இடைவெளி விட்டு, வேறு நிறத்தில், `WAN` அல்லது `INTERNET` என்ற எழுத்துடன் இருக்கும். மற்றவை `LAN 1`, `LAN 2` என்று வரிசையாகப் போகும். தனிப் போர்ட்டுக்கு நீலமும் மற்றவற்றுக்கு மஞ்சளும் வைப்பது பல நிறுவனங்களின் வழக்கம். ஆனால் அது கட்டாய விதி கிடையாது என்பதால், நிறத்தைவிட எழுத்தைத்தான் நம்ப வேண்டும். சில புது மாடல்களில் எல்லாப் போர்ட்டிலும் `WAN/LAN` என்றே இருக்கும். எதில் வெளி இணைப்பு வருகிறதோ, அதைப் பெட்டியே கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஸ்விட்சில் பொதுவாகத் தனியாக நிற்கும் போர்ட் இருக்காது. `1 2 3 4 5` அல்லது `1` முதல் `8` வரை, எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குட்டி விளக்கு. எதில் எதைச் செருகினாலும் ஒன்றுதான்.

ஒரு விதிவிலக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். சில இணைய நிறுவனங்கள் கட்டடம் வரைதான் ஃபைபரைக் கொண்டுவரும். அங்கிருந்து வீட்டுக்குள் சாதாரண நெட்வொர்க் கேபிளே வரும். அந்த வீடுகளில் மோடம் என்று தனிப் பெட்டி இருக்காது. வெளியில் இருந்து வரும் கேபிள் நேராக ரவுட்டரின் `WAN` போர்ட்டில் போய் நிற்கும். “மோடத்தைக் காணோமே” என்று தேடி அலைய வேண்டாம்.

அடிப்பக்கத்தில் ஒரு ஜாதகம்

போர்ட்டைப் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் பெட்டியைத் திருப்புங்கள். அடியில் ஒட்டியிருக்கும் லேபிள்தான் அதன் ஜாதகம். மாதிரிக்கு ஒரு ஃபைபர் மோடத்தின் லேபிள் இப்படி இருக்கும்:

```
GPON ONT
Input: DC 12V 1.5A
PON S/N: ABCD1A2B3C4D
SSID: Home-2G
WiFi Key: ********
Login: http://192.168.1.1
```

இதில் `PON S/N` என்ற வரி ஃபைபர் மோடத்தில் மட்டுமே இருக்கும். சில லேபிள்களில் `GPON SN` என்று இருக்கலாம். முதல் நான்கு எழுத்துகள் தயாரிப்பாளரின் குறியீடு, அடுத்த எட்டு அந்தப் பெட்டிக்கே உரிய எண். இந்த வரி ஏன் முக்கியம் என்பதற்கு, ஃபைபரின் மறுமுனையைப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டு ஃபைபரின் மறுமுனையில், இணைய நிறுவனத்தின் இடத்தில், ஓஎல்டி என்றொரு கருவி இருக்கிறது. ஒரகடத்தில் உள்ள நோக்கியா ஆலையில் தயாராகும் பொருட்களில் இதுவும் ஒன்று. ஓஎல்டியில் இருந்து கிளம்பும் ஒரு ஃபைபர் வழியில் பிரிந்து 32 அல்லது 64 வீடுகள் வரை போகும். அத்தனை வீட்டுப் பெட்டிகளும் ஒரே ஃபைபரில் பேசுவதால், எது யாருடையது என்று ஓஎல்டிக்கு அடையாளம் வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் அதற்குப் பயன்படுத்துவது இந்த `PON S/N` எண்ணைத்தான்.

அதனால்தான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நல்ல விலைக்குக் கிடைத்தது என்று ஒரு ஃபைபர் மோடத்தை வாங்கிவந்து மாட்டினால் நெட் வருவதில்லை. புதுப் பெட்டியின் எண்ணை நிறுவனம் தன் பக்கம் பதிவு செய்தால்தான் இணைப்பு உயிர்பெறும். ரவுட்டரை நீங்களே கடையில் வாங்கி மாற்றலாம். மோடத்தை நிறுவனத்துக்குச் சொல்லாமல் மாற்ற முடியாது. இரண்டையும் பிரித்து அறிவதில் உள்ள முதல் காசுக் கணக்கு இது.

அதே லேபிளில் `SSID`, `WiFi Key`, `Login` என்ற வரிகளும் இருக்கின்றன. இவை ரவுட்டர் வேலையின் அடையாளம். ஆக, இந்தப் பெட்டி மோடமும்தான், வைஃபை ரவுட்டரும்தான். `PON S/N` இருந்து, வைஃபை பெயர் இல்லாமல், ஒரே ஒரு `LAN` போர்ட் மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது மோடம் வேலையை மட்டும் செய்யும் பெட்டி. அதற்கு அடுத்து ஒரு ரவுட்டர் வேண்டும்.

கடையில் வாங்கிய ரவுட்டரின் லேபிளில் `Wireless Router` என்று எழுதியிருக்கும். வைஃபை பெயர், பாஸ்வேர்ட், `192.168.0.1` போன்ற ஒரு முகவரி எல்லாம் இருக்கும், `PON S/N` இருக்காது. சின்ன ஸ்விட்சின் லேபிள் இன்னும் சுருக்கம்: `5-Port Desktop Switch` என்று ஒரு வரி, ஒரு சீரியல் எண், மின்சார அளவு. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இல்லாததே அதன் அடையாளம்.

மின்சார அளவையும் சேர்த்தே பாருங்கள். ஃபைபர் மோடங்களும் ரவுட்டர்களும் பெரும்பாலும் `12V`. சின்ன ஐந்து போர்ட் ஸ்விட்சுகளில் பல `5V`. அடாப்டரின் முனை பல நேரம் ஒரே அளவில் இருப்பதால், வீடு மாறும்போது கலந்துவிட்டால் தவறான பெட்டியில் செருகிவிட வாய்ப்பு அதிகம். 5 வோல்ட் ஸ்விட்சில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால், அந்த ஸ்விட்ச் கெட்டுப்போகலாம். ஆகவே பெட்டியின் லேபிளில் உள்ள வோல்டேஜும் அடாப்டரில் உள்ள வோல்டேஜும் ஒன்றுதானா என்று சரிபார்த்துவிட்டே ஸ்விட்சைப் போடுங்கள். ஆம்பியர் எண் அடாப்டரில் அதிகமாக இருந்தால் பரவாயில்லை, குறையக்கூடாது.

இந்தப் போட்டோவைப் படிச்சுப் பார்ப்போமா?

இப்போது ஓர் உதாரணம். ஒரகடம் பக்கம் ஐந்து பேர் தங்கியிருக்கும் இரண்டு மாடி வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். புகார் இதுதான்: “வைஃபை கனெக்ட் ஆகுது. ஆனா சில நேரம் ‘இன்டர்நெட் இல்லை’ன்னு வருது. ஒருத்தனுக்கு வரும்போது இன்னொருத்தனுக்கு வராது.” கஸ்டமர் கேரில் கேட்டால், “லைன் சரியாத்தான் இருக்கு சார்” என்கிறார்கள். மாடியில் உள்ள ரவுட்டர் பழசு, புதுசு வாங்கிவிடலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அதற்கு முன் போட்டோக்களைப் பார்ப்போம்.

முதல் பெட்டி ஹாலில். வெள்ளை நிறம், இரண்டு ஆன்டெனா. மெல்லிய வயர் பச்சை முனையுடன் செருகியிருக்கிறது. நான்கு `LAN` போர்ட்டுகளில் ஒன்றில் மட்டும் கேபிள். `PON` விளக்கு பச்சையில் நிலையாக எரிகிறது, `LOS` அணைந்திருக்கிறது. லேபிளில் `GPON ONT`, கூடவே வைஃபை பெயர், `192.168.1.1`. ஆக, இது மோடமும் ரவுட்டரும் சேர்ந்த பெட்டி. கஸ்டமர் கேர் சொன்னது உண்மை, வெளி லைனில் கோளாறு இல்லை.

இரண்டாவது பெட்டி, மோடத்துக்குப் பக்கத்திலேயே. கையளவுதான், ஆன்டெனா இல்லை, ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். லேபிளில் வைஃபை பெயர் எதுவும் இல்லை. இது ஸ்விட்ச். மோடத்தில் இருந்து வரும் கேபிள் இதில் நுழைகிறது. இதில் இருந்து ஒன்று டெஸ்க்டாப்புக்கும் இன்னொன்று மாடிக்கும் போகின்றன. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாவது பெட்டி மாடியில். கறுப்பு நிறம், நான்கு ஆன்டெனா. பின்னால் நீல நிறத்தில் ஒரு போர்ட், அதன்மேல் `INTERNET` என்ற எழுத்து. அது காலியாக இருக்கிறது. கீழே இருந்து வரும் கேபிள் மஞ்சள் நிற `LAN 2` போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறது. லேபிளில் `Wireless Router`, `192.168.0.1`.

கோளாறு இங்கேதான். கேபிள் `LAN` போர்ட்டில் போனதால், கீழே உள்ள மோடமும் மேலே உள்ள ரவுட்டரும் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு முதலாளிகள் ஆகிவிட்டன. புதிதாக ஒரு போன் வந்து “எனக்கு ஒரு ஐபி முகவரி கொடுங்க” என்று கேட்டால், இரண்டு பெட்டிகளுமே பதில் சொல்லும். மோடம் முந்திக்கொண்டால் போனுக்கு நெட் வரும். மாடி ரவுட்டர் முந்திக்கொண்டால், “வெளியே போக என்னிடம் வா” என்று போனிடம் சொல்லும். அதன் `INTERNET` போர்ட்டோ காலி. போன் அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கும். ஒருவருக்கு வருவதும் இன்னொருவருக்கு வராமல் போவதும் இதனால்தான்.

இது ஊகம்தானா என்று போனிலேயே சோதிக்கலாம். நெட் வராத போனில் வைஃபை செட்டிங்ஸுக்குப் போய், இணைந்திருக்கும் வைஃபையின் பெயரைத் தொட்டால் விவரங்கள் வரும். ஆண்ட்ராய்டில் `Gateway`, ஐபோனில் `Router` என்ற வரியைப் பாருங்கள். அங்கே `192.168.0.1` என்று இருந்தால், அந்த போன் மாடி ரவுட்டரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. நெட் வரும் போனில் அதே இடத்தில் `192.168.1.1` இருக்கும். இரண்டு எண்களும் இரண்டு லேபிள்களில் நாம் பார்த்தவைதான்.

தீர்வுக்குச் செலவு இல்லை. மாடியில் `LAN 2`-ல் உள்ள கேபிளைக் கழற்றி `INTERNET` போர்ட்டில் செருக வேண்டும். பிறகு எல்லா போன்களிலும் வைஃபையை அணைத்துப் போட வேண்டும். அந்த ரவுட்டர் இதற்குமுன் வேறு இணைய நிறுவனத்தின் யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டுப் பயன்படுத்தப்பட்டதாக இருந்தால், அதன் செட்டிங்ஸில் இணைப்பு வகையை `Dynamic IP` என்று மாற்றுவதும் அவசியம்.

ஒருவேளை இரண்டு லேபிள்களிலும் `192.168.1.1` என்ற ஒரே முகவரி இருந்தால், கேபிளை மாற்றுவது மட்டும் போதாமல் போகலாம். சில ரவுட்டர்கள் மோதலைக் கண்டு தாமாகவே முகவரியை மாற்றிக்கொள்ளும், சில மாற்றாது. அப்போது மாடி ரவுட்டரை `Access Point` மோடுக்கு மாற்றிவிடலாம். அதன்பின் அது ஐபி முகவரி கொடுக்கும் வேலையை நிறுத்திவிட்டு, வைஃபையை மட்டும் தரும்.

ஏமாற்றும் பெட்டிகள்

வீட்டைத் தாண்டி, கடை, ஆபீஸ், தொழிற்சாலை என்று போனால் இந்த விதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பயன்படுத்த வேண்டும்.

சிசிடிவி கேமராவுக்காக வைக்கப்படும் ஸ்விட்ச் முதல் ஏமாற்றுக்காரன். கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் தரும் வகை இது. நான்கு போர்ட்டில் `PoE` என்றும், சற்றுத் தள்ளி ஒன்று இரண்டு போர்ட்டில் `UPLINK` என்றும் எழுதியிருக்கும். தனியாக ஒரு போர்ட் நிற்பதால் ரவுட்டர் என்று தோன்றும். லேபிளைப் பாருங்கள். வைஃபை பெயர் இருக்காது. மின்சார அளவும் ரவுட்டரைப்போல 12 வோல்ட்டாக இல்லாமல், பெரும்பாலும் 48 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்.

தொழிற்சாலை மெஷின் பேனலில் இருக்கும் ஸ்விட்ச் நம் வீட்டுப் பெட்டியைப்போல இருக்கவே இருக்காது. உலோகப் பட்டையில் கொக்கி போட்டு மாட்டியிருப்பார்கள். அடாப்டருக்குப் பதிலாக 24 வோல்ட் வயர்களைத் திருகி இணைத்திருப்பார்கள். இங்கே மாடல் பெயர் உதவும். சீமென்ஸின் ஸ்காலன்ஸ் வரிசையில், பெயருக்குப் பின் வரும் முதல் எழுத்தே வேலையைச் சொல்லிவிடும். `SCALANCE X` என்றால் ஸ்விட்ச், `SCALANCE M` என்றால் தொலைவு இணைப்புக்கான ரவுட்டர் அல்லது மோடம், `SCALANCE W` என்றால் வைஃபை. `XB005` என்று பார்த்தால் அது ஐந்து போர்ட் ஸ்விட்ச்.

ஆபீஸ் ரேக்கில் உள்ள சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்சுகளிலும் இப்படித்தான். `C9200L-24P-4G` என்ற பெயரில், `24` என்பது போர்ட் எண்ணிக்கை, `P` என்பது கேபிளில் மின்சாரமும் தரும் என்பதன் குறி, `4G` என்பது மேல் இணைப்புக்கான நான்கு ஒரு ஜிகாபிட் போர்ட்டுகள். சிம் கார்டு 4ஜிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்றுக்காரன் நம்ம ஏரியாவோடு தொடர்புள்ளது. ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருக்கும் ஃப்ளெக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து சிஸ்கோ தமிழ்நாட்டில் தொடங்கிய உற்பத்தி மையம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அங்கே முதலில் தயாரிப்பதாக அறிவிக்கப்பட்டது `NCS 540` வரிசை. தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கான இந்தக் கருவியின் போட்டோவைப் பார்த்தால், ரேக்கில் மாட்டும் தட்டையான பெட்டி, வரிசையாகத் துளைகள், ஆன்டெனா இல்லை, வைஃபை இல்லை. யார் பார்த்தாலும் ஸ்விட்ச் என்றே சொல்வார்கள். ஆனால் அது ரவுட்டர். `N540` என்று தொடங்கும் மாடல் எண்ணைப் படித்தால்தான் தெரியும். பெரிய நெட்வொர்க் கருவிகளில் போர்ட்டை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, மாடல் எண் கட்டாயம் வேண்டும்.

போட்டோ எடுக்கும் முன்

ஒரு பெட்டிக்கு மூன்று படங்கள் போதும்: எல்லாப் போர்ட்டும் கேபிள் செருகிய நிலையில் பின்பக்கம், அடிப்பக்க லேபிள், பவர் போட்ட நிலையில் முன்பக்க விளக்குகள். விளக்கு மின்னுகிறதா, நிலையாக எரிகிறதா என்பது போட்டோவில் தெரியாது. அதற்கு ஐந்து விநாடி வீடியோ எடுத்துவிடுங்கள். லேபிளில் ஃபிளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளைப் பொட்டு விழுந்து எண்கள் மறைந்துவிடும், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். அடாப்டரின் லேபிளைப் பெட்டியின் லேபிள் என்று நினைத்து அனுப்புவதும் அடிக்கடி நடக்கிறது. `Input: 100-240V` என்று இருந்தால் பெரும்பாலும் நீங்கள் எடுத்தது அடாப்டரை.

போட்டோவுக்காக ஃபைபர் வயரைக் கழற்றவோ மடக்கவோ வேண்டாம். கழன்றிருந்தால் அதன் முனைக்குள் எட்டிப் பார்க்கவும் வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் என்பதால், இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

`RESET` துளையில் ஊசியை வைப்பதற்கு முன், அது எந்தப் பெட்டி என்று உறுதி செய்யுங்கள். கடையில் வாங்கிய ரவுட்டர் என்றால் மறுபடி செட் செய்துகொள்ளலாம். மோடம் என்றால், நிறுவனம் போட்டுவைத்த யூசர்நேம் உள்ளிட்ட செட்டிங்ஸ் அழிந்துபோகலாம். சில நிறுவனங்கள் தொலைவில் இருந்தே திரும்ப ஏற்றிவிடும். சிலவற்றில் டெக்னீஷியன் வீட்டுக்கு வர வேண்டியிருக்கும். வெறும் ரீஸ்டார்ட்தான் வேண்டும் என்றால் பவர் ஸ்விட்சை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போட்டால் போதும்.

அனுப்புவதற்கு முன் லேபிளை ஒருமுறை பாருங்கள். வைஃபை பாஸ்வேர்ட், சில பெட்டிகளில் அட்மின் பாஸ்வேர்ட், இரண்டையும் அடக்கிய க்யூஆர் கோடு எல்லாமே அதில் இருக்கும். அறுபது பேர் உள்ள குரூப்பில் அதைப் போடுவது, வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவதற்குச் சமம். பாஸ்வேர்ட், க்யூஆர் கோடு, `PON S/N` மூன்றையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். `PON S/N` எண்ணை உங்கள் இணைய நிறுவனம் கேட்டால் மட்டும் கொடுங்கள். மறைக்க ஹைலைட்டர் பேனா வேண்டாம், பிரைட்னஸைக் கூட்டினால் அடியில் உள்ளது தெரிந்துவிடும். கறுப்புக் கட்டத்தை வைத்து முழுதாக மூடுங்கள், அல்லது அந்தப் பகுதியையே கிராப் செய்துவிடுங்கள். மாடல் பெயரும் வோல்டேஜும் தெரிந்தால் உதவுபவருக்குப் போதும்.

தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் ஆலைகளில், மெஷின் பேனலைப் படம் எடுப்பது விதிமீறல். அங்கே பெட்டியின் மாடல் எண்ணை ஒரு தாளில் எழுதி, மெயின்டனன்ஸ் அல்லது ஐடி ஆட்களிடம் கொடுத்தால் போதும். அந்த ஒரு வரியை வைத்தே அது ரவுட்டரா, ஸ்விட்சா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.